மாசமா இருக்கும்போது ஈறுல ரத்தம் வந்தா என்ன பண்ணணும், எந்த பல் வைத்தியம் தைரியமா பண்ணிக்கலாம்

எனக்கு மூணாவது மாசத்துல ஆரம்பிச்சது. காலைல பிரஷ் பண்ணிட்டு துப்பினா வாஷ்பேசின் முழுக்க சிவப்பு. மாமியார் பாத்துட்டு "பிரஷ்ஷே பண்ணாத, விரல்ல தேய்ச்சுக்கோ, குழந்தை பொறந்தா தானா சரியாயிடும்"னு சொன்னாங்க, நானும் அப்படியே ரெண்டு மாசம் விரல்ல தேய்ச்சேன். ரத்தம் நிக்கல, வாய் நாத்தம் வேற சேர்ந்துக்கிச்சு, அஞ்சாவது மாசம் ஒரு ராத்திரி கீழ் கடைவாய்ப்பல்லு வலிச்சு விடிய விடிய தூங்கல. மறுநாள் போன பல் கிளினிக்ல வாயைக்கூட முழுசா பாக்காம "பிரெக்னென்ட்டா? டெலிவரி முடிச்சுட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. இன்னும் நாலு மாசம் இந்த வலியோட எப்படிங்க இருக்கறது?

அப்புறம் என் லேடி டாக்டர் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்து, வேற ஒரு பல் டாக்டர்கிட்ட போய் ஸ்கேலிங், ரூட் கேனால் ரெண்டுமே ஆறாவது மாசத்துலயே முடிஞ்சது. நடுவுல நான் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் வரிசையா எழுதறேன். நான் டாக்டர் இல்ல, உங்க உடம்புக்கு எதுன்னு கடைசி வார்த்தை உங்க டாக்டரோடது.

1. முதல்ல இது எந்த மாதிரி ரத்தம்னு பாருங்க

கர்ப்பத்துல புரொஜெஸ்டரோன், ஈஸ்ட்ரோஜன் ரெண்டும் ஏறும்போது ஈறுல இருக்கற சின்ன ரத்தக்குழாய் எல்லாம் உப்பி, லேசா தொட்டாலே கசியும். ஆனா ஹார்மோன் மட்டும் காரணம் இல்ல. பல்லும் ஈறும் சேர்ற இடத்துல படியற அழுக்குக்கு ஈறு சாதாரணமா காட்டற எரிச்சலை இந்த ஹார்மோன் பல மடங்கு ஆக்கி விடுது, அவ்வளவுதான். அழுக்கு இல்லேன்னா ஹார்மோனால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. விரல்ல தேய்ச்ச எனக்கு ஏன் மோசமாச்சுன்னு இப்ப புரியுதா. பொதுவா ரெண்டாவது மாசம் தொடங்கி எட்டாவது மாசம் வரைக்கும் ஏறிக்கிட்டே போகும், பாதிக்கும் மேல கர்ப்பிணிகளுக்கு வர்ற விஷயம் இது.

சிலருக்கு ரெண்டு பல்லுக்கு நடுவுல சிவப்பா ஒரு சின்ன கட்டி மாதிரி வளரும், தொட்டா ரத்தம் கொட்டும். பேரு "பிரெக்னென்சி டியூமர்"னு சொல்லுவாங்க, பேரைக் கேட்டு பயப்படாதீங்க, கேன்சர் இல்ல. பெரும்பாலும் குழந்தை பொறந்ததும் சுருங்கிடும், சாப்பிடவே முடியாத அளவுக்கு தொந்தரவு பண்ணா மட்டும் எடுப்பாங்க.

ஆனா பிரஷ் படாமலே தானா ரத்தம் வருது, நிக்கவே மாட்டேங்குது, கூடவே மூக்குல ரத்தம், காரணமே இல்லாம கை கால்ல நீலமா கன்னிப்போறது, குட்டி குட்டி சிவப்பு புள்ளி, காய்ச்சல், இதுல எது இருந்தாலும் பல் டாக்டர்கிட்ட போகாதீங்க, அன்னைக்கே லேடி டாக்டர்கிட்ட போய் பிளேட்லெட் டெஸ்ட் எடுங்க. நம்ம ஊர்ல மழைக்காலத்துல டெங்கு வேற இருக்கு. பிளேட்லெட் நார்மல் ஒன்றரை லட்சத்துக்கு மேல. ஏழு எட்டு மாசத்துக்கு மேல பிபி ஏறி, தலைவலி, மேல்வயித்துல வலியோட ஈறுல ரத்தம் வந்தா நேரா ஆஸ்பத்திரிதான்.

2. பத்து நாள் ஒழுங்கா பிரஷ் பண்ணிப் பாருங்க

ரத்தம் வருதுன்னு பிரஷ்ஷ நிறுத்தறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. சாஃப்ட் பிரஷ்தான் வேணும், மீடியம் வேண்டாம். பிரஷ்ஷ ஈறு பக்கம் சாய்ச்சு வச்சு, பல்லும் ஈறும் சேர்ற கோட்டுல சின்ன சின்னதா அசைச்சு, காலைலயும் ராத்திரியும் ரெண்டு நிமிஷம். முதல் மூணு நாலு நாள் ரத்தம் கூடத்தான் வரும், பயந்து விட்டுடாதீங்க. வெறும் அழுக்கு மட்டும்னா ஒரு வாரம் பத்து நாள்ல நல்லா குறையும். குறையலேன்னா அங்க காரை படிஞ்சு கல்லாயிருக்குன்னு அர்த்தம், அது எந்த பிரஷ்ஷுக்கும் வராது, மூணாவது ஸ்டெப்புக்குப் போங்க.

மசக்கைல பிரஷ் வாய்க்குள்ள போனாலே குமட்டுதுன்னா குழந்தைங்க பிரஷ் வாங்குங்க, தலை சின்னதா இருக்கும். காலைல முடியலேன்னா குமட்டல் குறையற நேரமா பாத்து, மத்தியானமோ சாயங்காலமோ, பேஸ்ட் வாசனை பிடிக்கலேன்னா பேஸ்ட்டே இல்லாமக்கூட தேய்க்கலாம். வாந்தி எடுத்த உடனே மட்டும் பிரஷ் பண்ணாதீங்க, வயித்துல இருந்து வர்ற ஆசிட் பல்லு மேல இருக்கும்போது தேய்ச்சா எனாமல் தேயும். ஒரு டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் ஆப்பசோடா கலந்து கொப்பளிச்சுட்டு அரை மணி நேரமாவது கழிச்சு பிரஷ் பண்ணுங்க.

கிராம்பு எண்ணெயை பஞ்சுல நனைச்சு ஈறு மேல வைக்கறது எங்க வீட்டு வைத்தியம், எனக்கு ஈறு தோல் வெந்து வெள்ளையா உரிஞ்சு வந்துச்சு. வெதுவெதுப்பான உப்புத்தண்ணி போதும்.

3. எந்த மாசத்துல போகணும்னு முடிவு பண்ணுங்க

செக்கப்புக்கு எந்த மாசமும் போகலாம். சேர்ல ரொம்ப நேரம் படுக்கற வேலை எல்லாத்துக்கும் நாலாவது மாசத்துல இருந்து ஆறாவது மாசம் வரைக்கும் தோது. முதல் மூணு மாசம் குமட்டல்ல வாயைத் திறக்கவே முடியாது, கடைசி மூணு மாசம் மல்லாக்க படுக்க முடியாது. அஞ்சாவது மாசம் ஸ்கேன் எடுக்கப் போவீங்க இல்ல, அதே வாரத்துல பல்லுக்கும் அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க, ஃபைல் எல்லாம் கைல இருக்கும்.

இது அவசரம் இல்லாத வேலைக்குத்தான். கன்னம் வீங்கிடுச்சு, சீழ் வருது, காய்ச்சல், வாயைத் திறக்க முடியல, முழுங்க கஷ்டமா இருக்குன்னா ரெண்டாவது மாசமோ ஒம்பதாவது மாசமோ அன்னைக்கே பாத்தாகணும். பல் சீழ் பரவினா அதுதான் அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஆபத்து.

4. லேடி டாக்டர்கிட்ட லெட்டர் வாங்குங்க

இந்த ஒரு பேப்பர் இல்லாமதான் எனக்கு பத்து நாள் வீணாச்சு. சட்டப்படி வேணுமான்னு கேட்டா இல்ல, ஆனா நிறைய பல் டாக்டருங்க பின்னாடி ஏதாவது ஆனா நம்ம மேல பழி வரும்னு பயந்துதான் திருப்பி அனுப்பறாங்க, லெட்டர் இருந்தா அந்த பயம் போயிடும். "பல் வைத்தியம் பண்ணலாம்"னு ஒத்த வரி எழுதி வாங்காதீங்க, எனக்கு முதல்ல அப்படித்தான் குடுத்தாங்க, பல் கிளினிக்ல "எக்ஸ்ரேவுக்கு ஓகேவா, ஊசிக்கு ஓகேவா"ன்னு மறுபடி அனுப்பினாங்க, இன்னொரு தடவை டோக்கன் போட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். ரெண்டாவது தடவை வாங்கின லெட்டர்ல இருந்தது இதுதான், இதே மாதிரி கேட்டு வாங்கிக்கோங்க:

"21 வாரம். பிபி 110/70. சுகர் நார்மல். ஹீமோகுளோபின் 10.2, பிளேட்லெட் 2.1 லட்சம். ஆஸ்பிரின், ஹெப்பரின் எடுக்கவில்லை. மருந்து அலர்ஜி இல்லை. ஸ்கேலிங், பில்லிங், ரூட் கேனால், தேவைப்பட்டால் பல் எடுப்பது, மரத்துப்போகும் ஊசி, ஏப்ரன் போட்டு பல் எக்ஸ்ரே செய்யலாம். வலிக்கு பாராசிட்டமால், தேவைப்பட்டால் அமாக்சிசிலின்."

இங்க்லீஷ்லதான் எழுதுவாங்க, விஷயம் இவ்வளவும் இருக்கணும். அந்த ஆஸ்பிரின் வரி முக்கியம். பிபி ஏறக்கூடாதுன்னு சின்ன டோஸ் ஆஸ்பிரின் நிறைய பேருக்கு குடுக்கறாங்க, ஐவிஎஃப் பண்ணவங்க, முன்னாடி அபார்ஷன் ஆனவங்க வயித்துல ஹெப்பரின் ஊசி போட்டுக்கிட்டு இருப்பாங்க. இது ரெண்டுமே ரத்தம் உறையறதை குறைக்கும். பல் டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், ஆனா "பல்லு புடுங்கப் போறேன்"னு நீங்களா நிறுத்திடாதீங்க, ரெண்டு டாக்டரும் பேசி ஊசி நேரத்தை மாத்திக்குவாங்க.

கூட எடுத்துட்டு போக வேண்டியது: செக்கப் ஃபைல், கடைசி ரத்த ரிப்போர்ட், கடைசி ஸ்கேன், இப்ப சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாம் (பேரை ஞாபகம் வச்சு சொல்ல வேண்டாம், அட்டையவே எடுத்துட்டு போங்க). அரசு ஆஸ்பத்திரின்னா பிக்மி நம்பர் இருக்கற தாய் சேய் அட்டையும் ஆதாரும்.

5. எதெல்லாம் பண்ணிக்கலாம்

ஸ்கேலிங்: தாராளமா. "ஸ்கேலிங் பண்ணா பல்லு ஆடும்"னு நம்மூர்ல ஒரு பேச்சு, உண்மைல காரைதான் ஈறை கீழ தள்ளி பல்லை ஆட வைக்குது, காரை எடுத்ததும் இடைவெளி தெரியறதால அப்படி தோணுது. 2006ல அமெரிக்காவுல 800க்கும் மேல ஈறு நோய் இருந்த கர்ப்பிணிகளை ரெண்டா பிரிச்சு, பாதி பேருக்கு கர்ப்பத்துலயே ஆழமா க்ளீன் பண்ணி, மீதி பேருக்கு பிரசவத்துக்கு அப்புறம் பண்ணாங்க. கர்ப்பத்துலயே பண்ணவங்களுக்கு ஈறு நல்லாச்சு, குழந்தைக்கு ஒரு கெடுதலும் வரல. அதே நேரம் குறைப்பிரசவம் குறையவும் இல்ல, அதனால "ஸ்கேலிங் பண்ணலேன்னா குறைப்பிரசவம் ஆயிடும்"னு யாராவது பயமுறுத்தி காசு புடுங்கினா நம்பாதீங்க.

பில்லிங், ரூட் கேனால்: பண்ணலாம். சொத்தை சின்னதா இருக்கும்போதே அடைச்சுட்டா நல்லது, தள்ளிப்போட்டா என் கதைதான். ரூட் கேனால்ல முதல் சிட்டிங்லயே பல்லைத் திறந்து உள்ள இருக்கற கெட்டதை எடுத்து மருந்து வச்சுடுவாங்க, வலி பெரும்பாலும் அன்னைக்கே நல்லா குறைஞ்சிடும். மீதி சிட்டிங் முடிச்சு நிரந்தரமா அடைச்சுட்டு, மேல மாட்டற கேப்பை மட்டும் பிரசவத்துக்கு அப்புறம் வச்சுக்கலாம். இங்க ஒரு பொறி இருக்கு: தற்காலிக பில்லிங் வச்சு வலி போனதும் நிறைய பேர் திரும்பி போகறதே இல்ல, அது சில வாரத்துல கசிஞ்சு உள்ள மறுபடி கிருமி போயிடும், எட்டாவது மாசம் திரும்ப முதல்ல இருந்து.

பல்லு எடுக்கறது: காப்பாத்த முடியாத பல்லுன்னா எடுக்கலாம். எலும்புக்குள்ள படுத்திருக்கற ஞானப்பல்லை அறுத்து எடுக்கறது, வலி, வீக்கம் எதுவும் இல்லேன்னா பிரசவத்துக்கு அப்புறம்.

மரத்துப்போற ஊசி: லிக்னோகைன்தான் பொதுவா போடுவாங்க, கர்ப்பத்துல பாதுகாப்பானது. அதுல கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும், பல்லுக்கு போடற அளவுல அதுவும் பிரச்சனை இல்ல, பிபி இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க. "குழந்தைக்காக ஊசி இல்லாமலே தாங்கிக்கறேன்"னு வீரம் காட்டாதீங்க, வலியில துடிக்கறதுல குழந்தைக்கு ஒரு நன்மையும் இல்ல.

எக்ஸ்ரே: ஒரு பல்லுக்கு எடுக்கற சின்ன எக்ஸ்ரே, கதிர் வாய்ப் பக்கம்தான், அளவும் ரொம்ப ரொம்ப கம்மி. ரூட் கேனாலுக்கு இது இல்லாம குருட்டாம்போக்குல பண்ண முடியாது. வயித்து மேல ஈய ஏப்ரன், கழுத்துக்கு காலர் கேளுங்க. சும்மா ரொட்டீனா முழு வாய் எக்ஸ்ரே எடுக்கலாம்னு சொன்னா அதை மட்டும் அப்புறம் வச்சுக்கலாம்னு சொல்லுங்க. அமெரிக்க மகப்பேறு டாக்டர்கள் அமைப்பு 2013லயே ஊசியும் எக்ஸ்ரேவும் பாதுகாப்புதான்னு எழுதி வச்சுட்டாங்க, நம்ம பக்கம் இன்னும் வாசல்லயே திருப்பி அனுப்பறாங்க.

தள்ளி வைக்க வேண்டியது: பல்லு வெள்ளையாக்கற ப்ளீச்சிங், இம்ப்ளான்ட், வலி இல்லாத பழைய வெள்ளிப் பில்லிங்கை மாத்தறது.

6. சேர்ல படுக்கும்போது

அஞ்சு மாசத்துக்கு மேல மல்லாக்க படுத்தா கர்ப்பப்பை முதுகுத்தண்டு பக்கம் போற பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். எனக்கு இருபது நிமிஷத்துல காது அடைச்சு, நெத்தி வேர்த்து, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஊசிதான் ஒத்துக்கலையோன்னு பயந்துட்டேன். டாக்டரம்மா உடனே "இடது பக்கமா திரும்புங்கம்மா"ன்னு சொல்லி வலது இடுப்புக்கு கீழ ஒரு துண்டை சுருட்டி வச்சாங்க, ஒரே நிமிஷத்துல சரியாச்சு. அடுத்த சிட்டிங்க்கு வீட்ல இருந்தே சின்ன தலகாணி கொண்டு போயிட்டேன். சேரை பாதி நிமித்தி வைக்கச் சொல்லுங்க, ஒரு சிட்டிங் அரை மணி நேரத்துக்கு மேல வேண்டாம், வெறும் வயித்தோட போகாதீங்க, யூரின் போயிட்டு உக்காருங்க. நடுவுல கை தூக்கினா நிறுத்தணும்னு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.

7. மெடிக்கல் ஷாப்ல பல் வலின்னு சொல்லி மாத்திரை வாங்காதீங்க

வலிச்ச அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரர் மெடிக்கல்ல போய் "பல் வலிக்கு குடுங்க"ன்னு கேட்டிருக்காரு, யாருக்குன்னு அவங்களும் கேக்கல, இவரும் சொல்லல. ஒரு சின்ன பேப்பர் கவர்ல மூணு தினுசு மாத்திரை. போட்டோ எடுத்து என் அண்ணிக்கு அனுப்பினேன், அவங்க நர்ஸ், பாத்த உடனே போன் பண்ணி "ஒண்ணைக்கூட வாய்ல போடாத"ன்னு கத்தினாங்க. ஒண்ணு கீட்டோரோலாக், ஒண்ணு ஆஃப்லாக்சசின் ஆர்னிடசோல், ஒண்ணு வயித்துக்கு.

கீட்டோரோலாக், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் எல்லாம் ஒரே குடும்பம். 20 வாரத்துக்கு மேல இது குழந்தையோட கிட்னியை பாதிச்சு பனிக்குடத்து தண்ணியை குறைக்கலாம்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டுத்துறை 2020ல எச்சரிக்கையே விட்டிருக்கு, கடைசி மாசங்கள்ல குழந்தையோட இதயத்துக்கிட்ட இருக்கற ஒரு ரத்தக்குழாயையும் நேரத்துக்கு முன்னாடி மூட வைக்கலாம். பாராசிட்டமாலோட அசிக்ளோஃபெனாக் கலந்து ஒரே மாத்திரையா வரும், "பாராசிட்டமால்தானே"ன்னு ஏமாந்துடாதீங்க, அட்டைக்குப் பின்னாடி முழு பேரையும் படிங்க. வெறும் பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவுல, ரெண்டு மாத்திரைக்கு நடுவுல ஆறு மணி நேரம் விட்டு.

ஆன்டிபயாடிக்ல அமாக்சிசிலின், செஃபலெக்சின் மாதிரி பொதுவா குடுப்பாங்க, பெனிசிலின் அலர்ஜி இருந்தா சொல்லிடுங்க. டாக்ஸிசைக்ளின் வேண்டவே வேண்டாம், குழந்தையோட பல்லுல கறை விழும். இன்னொண்ணு, ஆன்டிபயாடிக் சாப்பிட்டு வலி போயிடுச்சுன்னா பல்லு சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. சொத்தைக்குள்ள இருக்கறது அப்படியேதான் இருக்கும், மறுபடி வீங்கும். மாத்திரையை மட்டும் குடுத்து "டெலிவரி வரைக்கும் ஓட்டுங்க"ன்னு சொல்றவங்ககிட்ட இருந்து எழுந்து வந்துடுங்க.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் குடுத்தா ஆல்கஹால் இல்லாததா கேளுங்க, பிரஷ் பண்ணி அரை மணி நேரம் கழிச்சு கொப்பளிங்க, பேஸ்ட் அதோட வேலையை கெடுத்துடும். ரெண்டு வாரத்துக்கு மேல ஓட்டாதீங்க, பல்லு டீக்கறை மாதிரி பழுப்பாகும்.

8. செலவும் நாளும்

எனக்கு திருச்சில ஆனது: கன்சல்டிங் 300, ஸ்கேலிங் ரெண்டு சிட்டிங் சேர்த்து 1,500, எக்ஸ்ரே ஒண்ணு 200னு மூணு, ரூட் கேனால் மூணு சிட்டிங் 4,500. மொத்தம் 6,900. கேப்புக்கு தனியா 5,000 கேட்டாங்க, அதை பிரசவத்துக்கு அப்புறம் வச்சுக்கிட்டேன். ஊருக்கு ஊர், கிளினிக்குக்கு கிளினிக் மாறும், அதனால உக்கார்றதுக்கு முன்னாடியே "கேப்போட சேர்த்தா, சேர்க்காமயா, எக்ஸ்ரே தனியா"ன்னு கேட்டு எழுதி வாங்கிடுங்க. ஹெல்த் இன்சூரன்ஸ் பெரும்பாலும் இந்த மாதிரி வந்து போற பல் வைத்தியத்துக்கு குடுக்காது, கார்டை நம்பி போகாதீங்க.

காசு கஷ்டம்னா அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவு இருக்கு, சென்னைல அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கு, தனியார் பல் காலேஜ்லயும் வெளில ஆகறதுல ஒரு பங்குதான் ஆகும். மாணவர்கள் பண்றதால ஒரு சிட்டிங் நீளும், காலைல போனா மத்தியானம் ஆயிடும், சாப்பாடும் தண்ணியும் தலகாணியும் கட்டிக்கிட்டு போங்க. கர்ப்பிணின்னு சொன்னா வரிசைல முன்னாடி விடுவாங்க, கூச்சப்படாம கேளுங்க.

நாள் கணக்கு: லெட்டருக்கு அலைஞ்சது பத்து நாள், 21வது வாரம் முதல் சிட்டிங், 24வது வாரம் கடைசி. ஸ்கேலிங் முடிச்ச ரெண்டாவது வாரத்துல பிரஷ்ல ரத்தம் சுத்தமா நிக்கல, ஆனா வாஷ்பேசின் சிவப்பாகறது நின்னுச்சு. எட்டாவது மாசம் லேசா திரும்ப வந்துச்சு, டாக்டரம்மா பாத்துட்டு பத்து நிமிஷம் க்ளீன் பண்ணி அனுப்பினாங்க, அதுக்கு காசு வாங்கல. குழந்தைக்கு மூணு மாசம் ஆனப்போ போய் கேப் மாட்டிக்கிட்டேன், பாலூட்டறேன்னு சொன்னதுக்கு "ஊசி போட்டுட்டு உடனே குடுக்கலாம்மா"ன்னு சொன்னாங்க, வெளில அம்மா மடில அழுதுக்கிட்டு இருந்தவளை வாங்கி, உதடு மரத்தபடியே உக்காந்து பால் குடுத்துட்டுதான் பில்லு கட்டினேன்.